பெயர்களை மறைக்க எது நல்லது: எண்ணா, முதலெழுத்தா, மாற்றுப் பெயரா, பொறுப்புச் சொல்லா?

வன்னியில் வாக்குமூலங்கள், நேர்காணல்கள், கூட்டக் குறிப்புகள் சேர்க்கிறவர்களிடமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வவுனியாவில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவி கேட்கிறார், கிளிநொச்சியில் மாதர் சங்கக் கணக்கு எழுதுபவர் கேட்கிறார், முல்லைத்தீவில் மீள்குடியேற்றக் காணிக் கதைகளைப் பதிவு செய்பவர் கேட்கிறார். "பெயர்களை மறைத்துத்தான் வெளியே கொடுக்க வேண்டும். ஆனால் மறைத்த பிறகும் ஆள் யார் யார் என்று கதையில் பிரித்தறிய முடிய வேண்டும், தமிழும் தமிழாக இருக்க வேண்டும். எப்படி மாற்றுவது?"

நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நபர்-01 என்று எண் கொடுப்பது, ம., செ. என்று முதலெழுத்தை மட்டும் விடுவது, வேறு பெயர் வைப்பது, "பிணை நின்றவர்", "மூத்த மகள்" என்று பொறுப்பையோ உறவையோ எழுதுவது. ஆங்கிலக் கோப்பு என்றால் இதில் எதைத் தேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் வராது, பெயரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் அப்படியே நிற்கும். தமிழில் பெயர் வாக்கியத்தோடு ஒட்டி வளர்கிறது. அதனால் தேர்வும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே பேசுவோம். குழுக்கடன் பற்றிப் பெண்கள் சொன்னவற்றைத் தொகுத்த கோப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பகுதி நான் இதற்காகக் கற்பனையாக எழுதியது.

> மலர்விழிக்கு ஜெயந்தியும் செல்வராணியும் பிணை நின்றார்கள். இரண்டாம் மாதம் மலரக்காவால் கட்ட முடியவில்லை. ஜெயந்தி தன் தோட்டை அடகு வைத்து மலருக்காகக் கட்டினாள். செல்வராணியிடம் கேட்டதற்கு, தன் கடனுக்கு மலர்விழியைப் பிணை வைத்தது போதும் என்றாள். மணியண்ணை, ஐந்து மணிக்கு முன் காசு வராவிட்டால் ஜெயந்திநகர் வீட்டுக்கே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தே வாக்கியங்கள். ஆனால் ஒரே பெண் மலர்விழிக்கு, மலரக்காவால், மலருக்காக, மலர்விழியை என்று நான்கு உருவத்தில் வருகிறாள். யார் யாருக்குப் பிணை நின்றார் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். அந்த இழை அறுந்தால் கோப்பை வெளியே கொடுப்பதில் பயனே இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, வேற்றுமை உருபு ஒட்டுமா என்பது. ஐ, ஆல், கு, இன், இடம் எல்லாம் பெயரோடு சேர்ந்தே வரும். வைக்கும் சொல் இவற்றை இயல்பாக ஏற்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஆள் கடைசிவரை ஒரே அடையாளத்தோடு வருகிறாரா, இரண்டு ஆட்கள் கலந்துவிடுகிறார்களா என்பது.

மூன்றாவது, பாலும் மரியாதையும். கட்டினாள், போனார் என்று வினைமுற்றே ஆண், பெண், மரியாதை மூன்றையும் சொல்லிவிடுகிறது. வைக்கும் சொல் அதோடு முரண்படக் கூடாது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மறைத்த பிறகும் எவ்வளவு கசிகிறது? வெளியூர் ஆள் கண்டுபிடிக்க மாட்டார் என்பது போதாது. அதே கிராமத்து ஆள், கடன் அறவிட வருகிறவர், உறவுக்காரர் ஆகியோர் வாசித்தால் என்ன தெரியும் என்றுதான் பார்க்க வேண்டும். வன்னியில் ஒரு குளத்தைச் சுற்றிய ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

உழைப்பும் ஒரு அளவுகோல்தான். ஆனால் அதை முதலில் வைத்தால் தவறான வழியைத் தேர்ந்துவிடுவோம், அதனால் பிறகு பார்க்கலாம்.

## எண் குறியீடு

> நபர்-01க்கு நபர்-02உம் நபர்-03உம் பிணை நின்றார்கள். இரண்டாம் மாதம் நபர்-01ஆல் கட்ட முடியவில்லை. நபர்-02 தன் தோட்டை அடகு வைத்து நபர்-01க்காகக் கட்டினாள். நபர்-03இடம் கேட்டதற்கு, தன் கடனுக்கு நபர்-01ஐப் பிணை வைத்தது போதும் என்றாள்.

உருபு ஒட்டுமா என்ற கேள்விக்கு இங்கே நல்ல பதில் ஏற்கனவே இருக்கிறது. 2009இல், 5ஆம், 10க்கு என்று எண்ணோடு உருபை ஒட்டி எழுதி நமக்குப் பழக்கம். அதே முறையில் நபர்-01ஐ, நபர்-01இன், நபர்-01ஓடு என்று எழுதினால் யாருக்கும் இடறாது. எண்ணை இரண்டு இலக்கத்தில் வையுங்கள். நபர்-1 என்று வைத்தால், பிறகு தேடும்போது நபர்-10, நபர்-11 எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும்.

அடையாளம் மாறாமல் இருப்பதில் இதை அடிக்க வேறு வழி இல்லை. யார் யாருக்கு எத்தனை முறை பிணை நின்றார் என்று எண்ணிப் பார்க்க, அட்டவணை போட, இன்னொரு கோப்போடு ஒப்பிட, எல்லாவற்றுக்கும் உகந்தது. ஒருவரது சமயம், தலைமுறை, ஊர்வழக்கு எதையும் எண் சொல்லாது.

ஆனால் மறைமுகச் செலவு வாசகர் தலையில் விழுகிறது. மூன்று பேர் வரை சமாளிக்கலாம். பத்துப் பேர் வரும் நீண்ட வாக்குமூலத்தில் நபர்-06 யார் என்று ஒவ்வொரு முறையும் மேலே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் பாருங்கள். மூலத்தில் "மலரக்கா" என்று இருந்தது. பேசுகிற பெண் மலர்விழியைவிட இளையவள், அவள்மேல் பாசமும் மரியாதையும் வைத்திருப்பவள் என்பதை அந்த "அக்கா" சொன்னது. நபர்-01 என்றதும் அது போய்விட்டது. நபர்-01 அக்கா என்று எழுதலாம், ஆனால் வாசிக்கும்போது கண்ணை உறுத்தும்.

கசிவு இல்லை என்று நினைக்கிற இடத்திலும் ஒரு கசிவு இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்ததென்று வைத்துக்கொள்வோம்: "அந்தக் கூட்டத்தில் எனக்குப் பரமேஸ்வரிதான் துணை." பெயரை மட்டும் மாற்றினால் "எனக்குப் நபர்-05தான் துணை" என்று வரும். முன்சொல்லின் கடைசியில் மிகுந்த ப் அப்படியே நிற்கிறது. ஆளின் பெயர் ப-வில் தொடங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. பதினைந்து பெண்கள் உள்ள சங்கத்தில் ப-வில் தொடங்குகிற பெயர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆகவே, எண் வைத்த பிறகு ஒவ்வொரு "நபர்-" முன்னாலும் க், ச், த், ப் தனியாக நிற்கிறதா என்று தேடி எடுக்க வேண்டும். நபர் என்பது ந-வில் தொடங்குவதால் அதற்கு முன் வல்லினம் மிக வேண்டிய தேவையே இல்லை. அதனால் அப்படி நிற்பது எல்லாமே மிச்சம்தான், கண்டதும் அழித்துவிடலாம்.

எண் எப்போது சரி? கோப்பை மக்கள் உட்கார்ந்து வாசிப்பதைவிட, யாரோ அதிலிருந்து கணக்கெடுக்கவோ பகுத்துப் பார்க்கவோ போகிறார்கள் என்றால் இதுதான்.

## முதலெழுத்து

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ம., ஜெ., செ. என்று விட்டால் மறைத்த மாதிரித் தெரியும், மறைந்திருக்காது. ஊரும் சம்பவமும் தெரிந்தவருக்கு ஓர் எழுத்தே போதும். நம் வழக்கத்தில் செ. மலர்விழி என்று தகப்பன் பெயரின் எழுத்து முன்னால் வருவதால், "செ." என்று கண்டால் அது செல்வராணியா, மலர்விழியின் தகப்பனா என்ற குழப்பம் வேறு. ம.வுக்கு, செ.வை என்று எழுதுவதும் வாசிக்க நன்றாக இல்லை. தன் பெயரைச் சுருக்கமாகப் போடச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் இது சரி, அவர்களுக்கு மறைப்பு என்ற தேவையும் இல்லை.

## மாற்றுப் பெயர்

> சுகந்திக்குப் பவானியும் கோமதியும் பிணை நின்றார்கள். இரண்டாம் மாதம் சுகந்தியக்காவால் கட்ட முடியவில்லை. பவானி தன் தோட்டை அடகு வைத்துச் சுகந்திக்காகக் கட்டினாள். கோமதியிடம் கேட்டதற்கு, தன் கடனுக்குச் சுகந்தியைப் பிணை வைத்தது போதும் என்றாள். ரவியண்ணை, ஐந்து மணிக்கு முன் காசு வராவிட்டால் வீட்டுக்கே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்காகத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த கதை கதையாகவே இருக்கிறது. அக்கா, அண்ணை எல்லாம் இடத்தில் இருக்கின்றன. வெளியே வாசிக்கக் கொடுக்கும் வாக்குமூலங்களுக்கு இதைத்தான் நான் விரும்புகிறேன்.

ஆனால் இங்கே வேலை அதிகம். மேலே மூன்று இடத்தில் புதிதாக வல்லினம் மிகுந்திருக்கிறது: சுகந்திக்குப் பவானியும், வைத்துச் சுகந்திக்காக, கடனுக்குச் சுகந்தியை. மூலத்தில் ம-வும் ஜ-வும் வந்ததால் அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பெயர் மாறியதும் முன்சொல்லும் மாற வேண்டும். கணினி இதைத் தானாகச் செய்யாது, ஒருவர் கடைசியில் வாசித்துத் திருத்த வேண்டும்.

பெயரைத் தேர்வதிலும் சில கவனங்கள் உண்டு. பால் பொருந்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தலைமுறையும் பொருந்தினால் நல்லது. வள்ளியம்மை என்ற பாட்டிக்கு டிலக்சனா என்று வைத்தால் வாசகர் குழம்புவார். முதலெழுத்தும் ஓசையும் மூலத்தோடு ஒத்துப்போகக் கூடாது. மலர்விழிக்குக் கயல்விழி என்று வைத்தால் அது பாதித் துப்பு. ஒரே கோப்புக்குள் சுகந்தி, சுமதி என்று ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு மாற்றுப் பெயர்களும் வேண்டாம். சுருக்கப் பெயர்களையும் விட்டுவிடுங்கள். மூலத்தில் மலர், மலர்விழி என்று மாறி மாறி வந்தாலும் மாற்றில் சுகந்தி என்று ஒன்றே போதும்.

சமயம் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். மரியநாயகம் என்ற பெயர் அவர் கத்தோலிக்கர் என்று சொல்லிவிடுகிறது. மன்னார்ப் பக்கத்துக் கரையோர ஊரில் அது யாரையும் காட்டிக்கொடுக்காது, அதே வகைப் பெயர் ஒன்றைக் கொடுக்கலாம். ஆனால் ஒரேயொரு கத்தோலிக்கக் குடும்பம் உள்ள ஊரில் அதே வகைப் பெயரைக் கொடுத்தால், மறைத்தும் மறைக்காத மாதிரிதான். கதைக்குச் சமயம் தேவை இல்லையென்றால் பொதுவான பெயராக மாற்றிவிடுங்கள். முஸ்லிம் பெயர்களுக்கும், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் வழங்கும் பெயர்களுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதைச் சும்மா சொல்லவில்லை. வைக்கும் பெயர் அந்த ஊரில் வேறொருவருக்கு இருக்கக் கூடாது. கடன் கட்டாத சுகந்தி என்று நீங்கள் எழுதிவிட்டால், அந்த ஊரில் உண்மையிலேயே இருக்கிற சுகந்தி அதைச் சுமக்க வேண்டிவரும். வன்னியில் இதற்கு இன்னொரு கனமும் இருக்கிறது. இறந்துபோன, காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் வீடுகளில் அப்படியே இருக்கின்றன. மாற்றுப் பெயர்ப் பட்டியலை வெளியே கொடுக்கும் முன், அந்த ஊரைத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, வைக்கக் கூடாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மைப் பெயர்களைக் காட்ட வேண்டாம், மாற்றுப் பெயர்களை மட்டும் காட்டினால் போதும்.

கடைசியாக ஒரு ஆபத்து. மாற்றுப் பெயர் உண்மைப் பெயர் மாதிரியே இருப்பதால், மாற்றாமல் தவறி விடுபட்ட பெயர் கண்ணில் படாது. எண் வைத்த கோப்பில் "ஜெயந்தி" என்று எங்காவது மிஞ்சினால் உடனே தெரியும். மாற்றுப் பெயர்க் கோப்பில் அது இன்னொரு மாற்றுப் பெயராகத்தான் தோன்றும். கோப்பின் தலையில் "எல்லாப் பெயர்களும் மாற்றப்பட்டவை" என்று எழுதிவிட்டு உள்ளே ஓர் உண்மைப் பெயரை விட்டுவிடுவதைவிடக் கெடுதல் வேறில்லை. அதனால்தான் முதலில் எண், பிறகு பெயர் என்று இரண்டு படியாகச் செய்யச் சொல்வேன். அதைக் கீழே பார்ப்போம்.

## பொறுப்பு, உறவுச் சொற்கள்

"கடன் எடுத்தவர்", "முதல் பிணையாளர்", "காசு அறவிட வந்தவர்" என்று எழுதுவது ஒருவரைப் பற்றிய சிறு குறிப்புக்கு மிக அழகாகப் பொருந்தும். உருபு தானாக ஒட்டும்: பிணையாளருக்கு, பிணையாளரிடம். வாசகர் யாரையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டில் இது உடைந்துபோகிறது. குழுக்கடனில் ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பிணை. மலர்விழி தன் கடனில் கடனாளி, செல்வராணியின் கடனில் பிணையாளர். நான்காம் வாக்கியத்தில் அவளை எந்தச் சொல்லால் அழைப்பது? ஒரே ஆளுக்கு இரண்டு சொல் வந்தால் அவள் இரண்டு ஆளாகிவிடுவாள். ஆட்கள் பொறுப்பு மாறி வரும் எந்தக் கதைக்கும் இதே சிக்கல்.

ஊரோடு சேரும்போது பொறுப்புச் சொல்லே பெயராகிவிடுவதும் உண்டு. ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரு கிராம அலுவலர்தான். பிரிவின் பெயரையும் எழுதி "கிராம அலுவலர்" என்றும் எழுதினால் அவர் பெயரை எழுதியதற்குச் சமம். முன்பள்ளி ஆசிரியை, சங்கத் தலைவி, வைத்தியர் எல்லாரும் இப்படித்தான்.

## ஒரே பார்வையில்

| | எண் | முதலெழுத்து | மாற்றுப் பெயர் | பொறுப்புச் சொல் |
|---|---|---|---|---|
| உருபு ஒட்டுதல் | நன்று | மோசம் | மிக நன்று | மிக நன்று |
| ஆள் கலக்காமை | மிக நன்று | மோசம் | நன்று | பொறுப்பு மாறினால் உடையும் |
| பால், மரியாதை | வினை மட்டும் சொல்லும் | வினை மட்டும் சொல்லும் | முழுதாக நிற்கும் | ஓரளவு நிற்கும் |
| கசிவு | குறைவு, வல்லின மிச்சம் கவனம் | அதிகம் | தேர்வைப் பொறுத்தது | ஊர் தெரிந்தால் அதிகம் |
| விடுபட்டால் தெரியுமா | உடனே | ஓரளவு | தெரியாது | ஓரளவு |
| உகந்தது | பகுப்பாய்வு | சம்மதித்தவர்கள் | வாசிக்கக் கொடுப்பது | சிறு குறிப்பு |

## எதைத் தேர்ந்தாலும் வேலை இப்படித்தான்

முதல் கேள்வி, கோப்பு யுனிக்கோடா என்பது. சங்கங்களின் பழைய அறிக்கைகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். அதில் தமிழ் என்ற சொல் உள்ளே `jkpo;` என்றுதான் இருக்கும், தமிழில் தேடினால் எதுவும் கிடைக்காது. அதை முதலில் யுனிக்கோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றவை.

அப்புறம், "மலர்" என்று தேடி மாற்றுவதில் உள்ள பொறி. யுனிக்கோடில் மலர் என்பது ம, ல, ர, புள்ளி என்று நான்கு குறிகள். மலரை என்று வரும்போது புள்ளி போய் அந்த இடத்தில் ஐகாரக் குறி வந்துவிடுகிறது. மலரக்கா என்னும்போது ர-வின் மேல் புள்ளியே இல்லை. ஆகவே "மலர்" என்று தேடினால் மலரை, மலருக்கு, மலரக்கா எதுவும் அகப்படாது. புள்ளியை விட்டு "மலர" என்று தேடினால் எல்லாம் வரும், கூடவே பூ மலர்ந்ததும் வரும். ஜெயந்தி என்று தேடினால் ஜெயந்திநகர் வரும். மணி என்று தேடினால் ஐந்து மணிக்கு என்பதும் வரும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு "எல்லாவற்றையும் மாற்று" அழுத்தக் கூடாது.

பைத்தானில் செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சொல் எல்லை என்று `\b` போட்டால் தமிழில் தலைகீழாக வேலை செய்யும். பைத்தானின் `re` உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை. அதனால் `\bமணி\b` என்பது தனியாக நிற்கும் "மணி"யை விட்டுவிடும், "மணிக்கு" என்பதன் முன்பாதியைப் பிடிக்கும். தமிழ் எழுத்து வரிசையை நேரடியாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

முதலில் ஒவ்வொரு பெயரும் கோப்பில் எந்தெந்த உருவத்தில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள்.

```python
import re, unicodedata, collections
t = open("kadan.txt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
sol = collections.Counter(re.findall(r"[\u0B80-\u0BFF]+", t))
for w, n in sol.most_common():
    if "மலர" in w:
        print(n, w)
```

NFC வரி வீண் அல்ல. கொ, கோ போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும், திரையில் ஒன்றாகவே தெரியும், தேடலில் வேறாக நிற்கும். அந்த வரி எல்லாவற்றையும் ஒரே விதமாக்குகிறது.

ஓடவிட்டால் மலர்விழிக்கு, மலரக்காவால், மலருக்காகக், மலர்விழியைப் என்று வரும். கடைசி இரண்டின் முடிவில் உள்ள க், ப் இரண்டையும் கவனியுங்கள், அடுத்த சொற்கள் கட்டினாள், பிணை என்பதால் வந்தவை. இவையும் தனி உருவங்கள்தான், பட்டியலில் தனித்தனி வரியாகவே வைக்க வேண்டும். ஒரே பெயரைச் சிவராசா, சிவராஜா என்றும், ஜெயந்தி, செயந்தி என்றும் எழுதியிருப்பார்கள், எல்லா எழுத்துவகைகளையும் தேடுங்கள். பெயருக்கு முன்னால் தகப்பனின் முதலெழுத்து புள்ளியோடு நிற்கிறதா என்றும் பாருங்கள். பெயரை மாற்றிவிட்டு "செ." மட்டும் விட்டால் பயனில்லை.

இந்த உருவங்களை ஒரு விரிதாளில் முதல் நிரலில் போட்டு, இரண்டாம் நிரலில் எண் உருவம், மூன்றாம் நிரலில் மாற்றுப் பெயர் உருவம் என்று எழுதி, `attavanai.csv` என்ற CSV கோப்பாகச் சேமியுங்கள்.

```
மலர்விழிக்கு,நபர்-01க்கு,சுகந்திக்கு
மலரக்காவால்,நபர்-01ஆல்,சுகந்தியக்காவால்
மலருக்காகக்,நபர்-01க்காகக்,சுகந்திக்காகக்
மலர்விழியைப்,நபர்-01ஐப்,சுகந்தியைப்
```

கையால் எழுதுவது சலிப்பான வேலைதான். ஆனால் உருபை ஒட்டும் இடத்தை நீங்களே எழுதுவதால், செல்வம் செல்வத்தை ஆவதும் கமலா கமலாவை ஆவதும் தானாகச் சரியாகிவிடும், அதற்கென்று விதி எதுவும் எழுத வேண்டியதில்லை. மணி, மலர் போலப் பொதுச்சொல்லாகவும் வரும் உருவங்களை மட்டும் இதில் சேர்க்காமல், வாக்கியத்தைப் பார்த்துக் கையால் மாற்றுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் முதலில் கையால் பிரித்துக் குறித்துவிட வேண்டும், கணினிக்கு அவர்களைப் பிரித்தறியத் தெரியாது.

பிறகு அதே இடத்தில் தொடர்ந்து இதை ஓடவிடலாம்.

```python
import csv
N = lambda s: unicodedata.normalize("NFC", s.strip())
with open("attavanai.csv", encoding="utf-8-sig") as f:
    m = {N(r[0]): N(r[1]) for r in csv.reader(f) if r}
v = re.sub(r"[\u0B80-\u0BFF]+",
           lambda x: m.get(x.group(), x.group()), t)
open("veli.txt", "w", encoding="utf-8").write(v)
```

`utf-8-sig` என்பதை மாற்ற வேண்டாம். விரிதாள்கள் சில நேரம் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்க்கும். அதை நீக்காவிட்டால் அட்டவணையின் முதல் பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிடும்.

`r[1]` என்றால் எண் கோப்பு, `r[2]` என்றால் மாற்றுப் பெயர்க் கோப்பு. முதலில் எண் கோப்பை எடுத்து முழுதாக வாசியுங்கள். மிஞ்சிய உண்மைப் பெயர்கள் அங்கே துருத்திக்கொண்டு நிற்கும். விடுபட்டவற்றை அட்டவணையில் சேர்த்து மறுபடி ஓடவிட்டு, எண் கோப்பில் பெயரே இல்லை என்று ஆன பிறகுதான் மாற்றுப் பெயர்க் கோப்பை எடுக்க வேண்டும். எல்லாச் சொல்லையும் ஒரே ஓட்டத்தில் மாற்றுவதில் இன்னொரு நன்மை உண்டு. ஜெயந்திக்குப் பவானி என்று வைத்திருக்கிறீர்கள், கோப்பில் உண்மையிலேயே ஒரு பவானியும் இருக்கிறாள், அவளுக்கு ரேவதி என்று வைத்திருக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு பெயராகத் தேடி மாற்றும்போது ஜெயந்தியும் கடைசியில் ரேவதியாகிவிடலாம். இங்கே அது நடக்காது. ஆனாலும் கோப்பில் உள்ள பெயரை மாற்றுப் பெயராக வைக்காமல் இருப்பதே நல்லது.

## அட்டவணையும் மிச்சத் துப்புகளும்

அட்டவணை இருக்கும்வரை யாரும் திரும்பப் பெயர்களைக் கண்டுபிடிக்க முடியும். அதை வெளியே கொடுக்கும் கோப்போடு ஒரே மடிக்கணினியில், ஒரே மின்னஞ்சலில் வைக்காதீர்கள். கடவுச்சொல் போட்டுத் தனி இடத்தில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். சொன்னவர்களிடம் திரும்பப் போய்த் திருத்தம் கேட்க வேண்டிய காலம் முடிந்ததும் அழித்துவிடலாம். சொன்னவர் யாராவது "என் கதையை எடுத்துவிடுங்கள்" என்று கேட்க வாய்ப்பிருக்கிறது என்றால், அதுவரை வைத்திருப்பதுதான் அவருக்கு நியாயம்.

பெயர் போனாலும் ஆளைச் சுட்டும் வேறு சில மிஞ்சும். தேசிய அடையாள அட்டை எண் அவற்றில் மிக மோசமானது. பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த எண்ணை முழுதாக எடுத்துவிடுங்கள், கடைசி இலக்கங்களை மட்டும் மறைப்பது போதாது. கடன் இலக்கம், தொலைபேசி எண், கோப்பின் பெயர் ஆகியவற்றையும் பாருங்கள். `malarvizhi_2.docx` என்ற பெயரில் அனுப்பினால் உள்ளே செய்ததெல்லாம் வீண். வேர்டு கோப்பில் திருத்தத் தடங்கள் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும், அதனால் வெறும் உரைக் கோப்பாகக் கொடுப்பது நல்லது.

மேலே மாற்றிய பகுதியில் "ஜெயந்திநகர்" என்ற சொல்லை நான் எடுத்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். ஊர்ப் பெயர் தேவை என்றால் பிரதேச செயலகப் பிரிவோடு, அல்லது மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தோட்டை அடகு வைத்த கதை ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்தால், பெயரை மாற்றியும் பயனில்லை. அப்போது பவானி என்று வைத்திருக்கிற பெண்ணிடமே போய், தோடு என்பதைப் பொதுவாக நகை என்று மாற்றலாமா, அந்த வாக்கியத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டு, அவர் சொல்வதுபோல் செய்யுங்கள்.